ஒழுகும் கூரைக்கு எத்தனை நாள் கெடு?

கேள்வி: அனுப்பர்பாளையத்தில் லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் பவர் டேபிள் டெய்லர்கள். போன ஐப்பசியிலிருந்து படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. கேட்டால், “மழை விடட்டும், பார்க்கலாம்” என்கிறார் வீட்டுக்காரர். இந்த மாத வாடகையை நிறுத்திவைக்கட்டுமா? கடிதம் எழுதினால் பயன் உண்டா?

பதில்: வாடகையை நிறுத்தாதீர்கள், அம்மா. பாக்கி விழுந்தால் உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். கடிதம் எழுதுங்கள்.

அதற்கு முன் கூரையை நான்கு நாள் கவனியுங்கள். மழையே இல்லாத வாரத்திலும் கறை ஈரமாக இருந்தால் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்தோ அதன் குழாயிலிருந்தோ வருகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் ‘மழை விடட்டும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மழைக்குப் பிறகு மட்டும் சொட்டினால் தளத்தின் மேல் பதித்த தட்டோடு விரிசல் விட்டிருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கும். கறை துருநிறத்தில் இருந்து, சிமெண்ட் பூச்சும் பெயர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. அதை உடனே சொல்ல வேண்டும். பூச்சுக் கட்டி தலையில் விழலாம்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளை வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. தான் செய்யவேண்டிய பழுதை, அறிவிப்புக் கிடைத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. அறிவிப்புக் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கழித்தால் அதுவும் வாடகைப் பாக்கியாகவே பேசப்படும்.

‘நியாயமான காலம்’ இத்தனை நாள் என்று அந்தப் பிரிவில் இல்லை. ஈரத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு ஒட்டாது என்பதும் உண்மைதான். வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அதனால் கெடுவை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“படுக்கையறைக் கூரையின் வடகிழக்கு மூலையில் அக்டோபர் முதல் நீர் ஒழுகுகிறது. பலமுறை நேரில் தெரிவித்தோம். புகைப்படங்கள் இணைத்துள்ளோம். இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பார்வையிட்டு, தார்ப்பாய் விரித்தும் குழாய் அடைப்பை நீக்கியும் தற்காலிகமாக ஒழுகலை நிறுத்தித் தரவும். மழை விட்டுத் தளம் காய்ந்த மூன்று வாரத்துக்குள் நிரந்தரப் பழுது பார்த்துத் தரவும். வேலையாட்கள் வர ஞாயிற்றுக்கிழமை வசதி. வாடகையைத் தவறாமல் செலுத்தி வருகிறோம்.”

மிரட்டல் வார்த்தை ஒன்றும் வேண்டாம். தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது. அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால், கொத்தனாரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி வீட்டுக்காரருக்கு அனுப்பிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். ரசீதுகள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். செலவு பெரிதானால் கை வைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.