சம்மணமிட்டு எழுந்ததும் கால் மரத்திருக்கிறதா?

சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை பஜனைக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால், பலருக்குப் பாதம் மரத்து, பிறகு ஊசி குத்துவதுபோல் சுருசுருக்கும். ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயப்படுவார்கள். முக்கியக் காரணம் நரம்பு அழுந்துவதுதான்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு முண்டு ஒன்று தட்டுப்படும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. சம்மணத்தில் அந்த இடம் தரையிலோ மற்றக் காலிலோ அழுந்தும். நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் சேர்ந்து நசுங்குவதால் செய்தி தடைபட்டுக் கால் மரத்துப்போகும். அழுத்தம் விலகியதும் நரம்பு கொஞ்ச நேரம் தாறுமாறாகச் செய்தி அனுப்பும். அதுதான் அந்தச் சுருசுருப்பு. நரம்பு மீள்வதன் அடையாளம்.

உடனே எழுந்து நடக்காதீர்கள். மரத்த பாதம் மடங்கிக் கணுக்கால் சுளுக்கிவிடும். காலை நீட்டி, கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். விரல்களை நன்றாக மேலே தூக்க முடிந்தபின் எழுந்திருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அடுத்த முறை மடித்த துண்டின்மேல் உட்கார்ந்து, அவ்வப்போது கால் மாற்றிப் போடுங்கள்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலோ, மரப்பு மணிக்கணக்கில் நீடித்தாலோ, உட்காராமலேயே அடிக்கடி வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம். திடீரென ஒரு பக்க முகமும் கையும் மரத்தாலோ பேச்சு குழறினாலோ, உடனே 995-ஐ அழையுங்கள்.