சிரிக்க வைக்காத பொய்ச்சொல்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படிக்கிறேன். ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றி வேறு பொருள் தரும் சொற்கள் அம்மொழியில் பல உண்டு. இவற்றைப் 'பொய்த் தோழர்கள்' என்பர். 'கிஃப்ட்' என்றால் அங்கே நஞ்சு. 'பெகொம்மன்' என்றால் ஆகுதல் அன்று, பெறுதல். "நான் ஒரு காப்பியாக ஆகிறேன்" என்று மொழிபெயர்த்தால் வகுப்பே சிரிக்கும். பிழையும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆனால், என்னை ஏமாற்றிய சொல் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. அது 'எவெண்டுவெல்'.

ஜெர்மனிக்குத் தொழிற்பயிற்சிக்குச் செல்லவிருந்த தோழி ஒருத்திக்கு அங்குள்ள மாணவர் விடுதியிலிருந்து கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: "அறை எவெண்டுவெல் அக்டோபர் 1 அன்று காலியாகும்." ஆங்கில 'இவெஞ்சுவலி' நினைவுக்கு வர, "அறை ஒருவழியாக அக்டோபர் 1 அன்று காலியாகிவிடும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தத் தேதிக்கே விமானச் சீட்டு வாங்கத் தயாரானாள். உண்மையில் அவ்வரியின் பொருள், "ஒருவேளை காலியாகலாம்" என்பதே.

தற்செயலாகக் கடிதத்தைப் பார்த்த எங்கள் விரிவுரையாளர் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டினார். "செப்டம்பர் 15க்குள் முடிவைத் தெரிவிப்போம்" என்றிருந்தது. "அறை உறுதி என்றால் மறுபடியும் எதற்காகத் தெரிவிக்க வேண்டும்?" என்று கேட்டார். அந்த வரியையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். இரண்டும் முரண்படுவதை மட்டும் கவனிக்கவில்லை.

இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. இலத்தீன் மொழியில் 'எவெந்துஸ்' என்றால் விளைவு. விளைவைப் பொறுத்தது, அதாவது நடந்தாலும் நடக்கலாம் என்ற பொருள் பிரெஞ்சு வழியாக ஜெர்மனுக்குச் சென்றது. ஆங்கிலத்திலோ, கடைசியில் வந்து முடியும் விளைவு என்ற பொருளே நிலைத்துவிட்டது.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. "பேருந்து கடைசியில் வந்து சேர்ந்தது" என்பதற்கு ஜெர்மனில் 'ஷ்லீஸ்லிஷ்' வேண்டும். "என்றாவது ஒருநாள் வரும்" என்பதற்கு 'இர்கென்ட்வான்' பொருந்தும். இவ்விடங்களில் 'எவெண்டுவெல்' போட்டால், ஜெர்மானியர் அதை 'ஒருவேளை' என்றே புரிந்துகொள்வார்.

இப்போது இத்தகைய வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். 'ஒருவேளை', 'கடைசியில்' என்னும் இரண்டும் தமிழில் ஒலியால் ஒட்டவே ஒட்டா. மலாயிலும் 'முங்கின்', 'அக்கிர்ஞா' என்று தனித்தனியே நிற்கின்றன. ஆகவே, எந்தப் பொருள் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அதன் பிறகு அடுத்த வரியோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன்.

தோழி செப்டம்பர் 15 வரை காத்திருந்தாள். அறை நவம்பரில்தான் கிடைத்தது.