ஓடும் தளமும் ஓடா நிலமும்

நுழையும்முன்

ஓடுபவர் ஒருவரே, தொலைவும் ஒன்றே. எனினும் அறைக்குள் கருவியின்மீது ஓடியபோது கிட்டிய நேரம் சாலையில் ஓடும்போது கிட்டுவதில்லை. இவ்வேறுபாடு உடலிலா, காற்றிலா, கருவியிலா? விடை காண முயல்கிறது இப்பாடம்.

மழைக்காலத்தில் திடலில் ஓட இயலாத மாணவி ஒருவர், ஆறு வாரங்கள் டிரெட்மில் எனப்படும் ஓடுபொறியில் பயிற்சி செய்தார் எனக் கொள்வோம். அவருடைய எடை 60 கிலோகிராம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டரை 25 நிமிடங்களில் கடந்ததாகக் கருவியின் திரை காட்டியது. மழை ஓய்ந்தபின், அதே அளவு முயன்று சமமான சாலையில் ஓடினார். 27 நிமிடம் 45 நொடிகள் ஆயின. இரண்டே முக்கால் நிமிடங்கள் எங்குப் போயின? தம் உடல்திறன் குன்றிவிட்டதாக எண்ணி அவர் வருந்தினார். அவ்வருத்தம் முறையானதா என்பதை ஒவ்வொரு காரணமாக எடுத்து ஆராய்வோம்.

பட்டை காலை இழுக்கிறதா?

“ஓடுபொறியில் பட்டையே காலைப் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது; ஓடுபவர் காலைத் தூக்கி வைத்தால் போதும்” என்று பலரும் கருதுகின்றனர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் இக்கருத்துப் பிழையானது.

சீரான வேகத்தில் செல்லும் தொடர்வண்டிக்குள் ஒரு பந்தை மேலே எறிந்தால் அது எறிந்தவர் கையிலேயே வந்து விழுகிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அவ்வாறே விழும். சீரான வேகத்தில் இயங்கும் ஒன்றின்மீது நிகழும் இயக்கமும், நிலையாக நிற்கும் ஒன்றின்மீது நிகழும் இயக்கமும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை. ஓடுபொறியின் பட்டையும் அத்தகையதே. பட்டையின்மீது ஒரு சிற்றெறும்பு அமர்ந்திருப்பின், அதன் கண்ணுக்குப் பட்டை அசையாது கிடக்கும். ஓடுபவரே தன்னைக் கடந்து முன்னேறுவதாகத் தோன்றும். சாலையோரம் நிற்பவர் காணும் காட்சியும் அதுவே. நெதர்லாந்து அறிஞர் வான் இங்கன் ஸ்கெனாவ் 1980ஆம் ஆண்டில் இக்கருத்தை இயக்கவியல் அடிப்படையில் விளக்கினார். பட்டையின் வேகம் மாறாதிருக்கும்வரை, காலுக்கும் தளத்திற்கும் இடையே நிகழும் வேலை இரண்டிடத்தும் ஒன்றே என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

‘மாறாதிருக்கும்வரை’ என்பதே இங்கு நிபந்தனை. மோட்டாரின் ஆற்றல் போதாத கருவியில், பாதம் விழும் ஒவ்வொரு முறையும் பட்டை சற்றே தயங்கிப் பின்னர் விரைகிறது. எடை மிகுந்தவர் ஓடும்போது இத்தயக்கத்தைக் காதாலேயே கேட்டறியலாம். மோட்டாரின் ஒலி அடிக்கு அடி ஏறி இறங்கும்.

காணாமற்போன காற்று

பட்டை காரணமன்று எனில், எஞ்சியிருப்பது எது? சாலையில் ஓடுபவர் தம் முன்னுள்ள காற்றை விலக்கிக்கொண்டே செல்கிறார். ஓடுபொறியில் இருப்பவரோ அறையில் ஒரே இடத்தில் நிற்கிறார். அவரைச் சூழ்ந்த காற்றும் நிற்கிறது. எனவே காற்றுத்தடை அங்கு இல்லை.

இத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். நடுத்தர உடலமைப்பு உடையவர் காற்றில்லாத நாளில் நொடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்கொள்ளும் தடை ஏறத்தாழ 1.7 நியூட்டன். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 6.8 நியூட்டன். மெல்ல ஓடுபவருக்குக் காற்று ஒரு பொருட்டன்று. விரைந்து ஓடுபவருக்கு அது ஒரு சுமை. நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயங்களில் வீரர் ஒருவர் மற்றொருவரின் பின்னால் ஒட்டி ஓடுவது இச்சுமையைக் குறைக்கவே ஆகும்.

சாய்வு ஈடுசெய்வது எவ்வாறு?

இல்லாத காற்றுத்தடைக்கு ஈடாக வேறொரு சுமையை ஏற்ற வேண்டும். அதற்கு எளிய வழி, ஓடுதளத்தின் முன்பகுதியைச் சற்றே உயர்த்துவது. 100 சென்டிமீட்டர் கிடைநீளத்திற்கு 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 1 விழுக்காடு சாய்வு. கோணமாகக் கூறின் அது ஒரு பாகைக்கும் குறைவு; கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

ஓடுபவர் அறையில் உயரே செல்லாதபோது, மேடேறும் உழைப்பு எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் எழலாம். சாய்ந்த பட்டை அவரை ஓயாது கீழே கொண்டு செல்கிறது. அதே உயரத்தில் நிலைத்து நிற்கவேண்டுமானால், இறங்கிய அளவு அவர் தம் உடலை மீண்டும் உயர்த்தியாக வேண்டும். இறங்கும் நகரும் படிக்கட்டில் எதிராக ஏறி, ஒரே இடத்தில் நிற்பவரின் நிலைக்கு இது ஒப்பாகும்.

1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டவுஸ்ட் ஆகிய இருவரும் இதனைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற ஒன்பது வீரர்களைச் சாலையிலும், 0 முதல் 3 விழுக்காடு வரையிலான சாய்வுகளில் ஓடுபொறியிலும் ஓடச்செய்து, அவர்களின் உயிர்வளி நுகர்வை அளந்தனர். நொடிக்கு 2.92 மீட்டர் முதல் 5 மீட்டர் வரையிலான வேகங்களில், சாலை ஓட்டத்தின் ஆற்றல் செலவோடு மிக நெருங்கி ஒத்தது 1 விழுக்காடு சாய்வே எனக் கண்டனர். ‘ஒரு விழுக்காடு வைத்து ஓடு’ எனப் பயிற்சியாளர்கள் இன்று கூறுவதற்கு அடிப்படை இதுவே.

> தெரியுமா?
> ஓடுபொறியின் முன்னோடி ஒரு தண்டனைக் கருவி. 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர், சிறைவாசிகள் ஓயாது மிதித்துச் சுழற்றும் படிச்சக்கரத்தை அமைத்தார். ‘டிரெட்மில்’ என்னும் சொல் அதிலிருந்தே வந்தது.

எந்த வேகத்திற்கு எவ்வளவு?

எல்லா வேகத்திற்கும் 1 விழுக்காடு பொருந்துமா? நம் மாணவியைக்கொண்டு கணக்கிடுவோம். 60 கிலோகிராம் எடையுள்ளவரைப் புவி ஈர்க்கும் விசை ஏறத்தாழ 588 நியூட்டன். 1 விழுக்காடு சாய்வில் அவர் கூடுதலாக எதிர்கொள்வது அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 5.9 நியூட்டன்.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை 6.8 நியூட்டன் எனக் கண்டோம். அங்கு 1 விழுக்காடு ஏறக்குறையப் பொருந்துகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் தடை 3 நியூட்டன் அளவே. அரை விழுக்காடு போதும். மணிக்கு 9 கிலோமீட்டரில் தேவை 0.3 விழுக்காடு மட்டுமே. அவ்வேகத்தில் ஓடுபவர் சாய்வை வைக்காமலே ஓடினும் இழப்பு மிகச் சிறிது. இது தோராயக் கணக்கே. எனினும் உண்மையின் போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது.

தேவைக்கு மீறிச் சாய்வைக் கூட்டுவதும் தவறு. சாய்வு உயர உயரக் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் மிகுதியாக நீண்டு இழுபடும். நாள்தோறும் உயர்ந்த சாய்வில் ஓடுபவருக்குக் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலின் மேற்புறம் விறைத்து வலிப்பின், சாய்வைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி.

அடிவைப்பும் உணர்வும்

இயக்கவியல் விதி ஒன்றாயினும், மனிதர் இரண்டிடத்தும் முற்றிலும் ஒரே வகையாக ஓடுவதில்லை. ஓடுபொறியில் பாதம் சற்றே தட்டையாக ஊன்றுகிறது. உடல் மேலும் கீழும் எழுந்தமர்வது குறைகிறது. குறுகிய பட்டையிலிருந்து விழுந்துவிடாதிருக்க உடல் மேற்கொள்ளும் எச்சரிக்கையும் இதற்கு ஒரு காரணமாகலாம். புதிதாக ஏறுபவரிடம் இவ்வேறுபாடு மிகுதி. பழகப் பழகக் குறையும்.

வெப்பமும் கருதத்தக்கது. சாலையில் ஓட்டத்தாலேயே உண்டாகும் காற்று வியர்வையை உலர்த்துகிறது. அறையில் வியர்வை சொட்டுமேயன்றி உலராது, உடல் குளிராது, இதயத்துடிப்பு உயரும். முன்னால் ஒரு மின்விசிறி இல்லாவிடில், குறைந்த உழைப்பே கடும் உழைப்பாகத் தோன்றும். மேலும், இருபுறமும் மரங்களும் வீடுகளும் பின்செல்லும் காட்சி இல்லாததால் வேக உணர்வும் பிறழ்கிறது. சாலையில் ஓடிய அதே வேகத்தைத் திரையைப் பாராமல் ஓடுபொறியில் தெரிவுசெய்யச் சொன்னால், பெரும்பாலோர் அதைவிடக் குறைந்த வேகத்தையே தெரிவுசெய்கின்றனர். ஆற்றல் செலவில் சற்று எளிதானது, உணர்வில் கடினமாகிறது.

கருவியை அளந்தறிதல்

இனி மாணவியின் புதிருக்குத் திரும்புவோம். மணிக்கு 12 கிலோமீட்டரில் காற்றுத்தடையை ஈடுசெய்ய அரை விழுக்காடு சாய்வு போதும். 1 விழுக்காடு சாய்வு அவ்வேகத்தில் உயிர்வளி நுகர்வை ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்த்தும். அரை விழுக்காடு 2 விழுக்காடு உயர்த்தும். 25 நிமிடங்களில் 2 விழுக்காடு என்பது அரை நிமிடம். காற்று விளக்குவது அவ்வளவே. எஞ்சிய இரண்டே கால் நிமிடங்களுக்குக் காரணம் வேறாக இருத்தல் வேண்டும்.

அவர் கருவியையே அளந்து பார்த்தார். பட்டையின் முழுச்சுற்றளவு 3 மீட்டர். அதன் ஓரத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, தாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோழி ஒருவரை நிறுத்து கடிகாரத்தால் 20 சுற்றுகளை அளக்கச் செய்தார். 20 சுற்று 60 மீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் உண்மையாயின் 18 நொடிகள் ஆகவேண்டும், ஆனவை 19.6 நொடிகள். எனவே உண்மையான வேகம் மணிக்கு 11 கிலோமீட்டரே. அவ்வேகத்தில் 5 கிலோமீட்டருக்கு 27 நிமிடம் 16 நொடிகள் ஆகும். காற்றுக்குரிய அரை நிமிடத்தைச் சேர்த்தால், சாலையில் கிட்டிய நேரம் அப்படியே கிடைக்கிறது.

ஆள் ஏறாத வெறும் கருவியில் அளந்திருந்தால் இப்பிழை புலப்படாமலே போயிருக்கலாம். சுமை ஏறிய பின்னரே பட்டை மெதுவாகிறது. சாய்வையும் இவ்வாறே நீர்மட்டக் கருவியாலும் அளவுகோலாலும் சரிபார்த்தல் வேண்டும். தரை சரிந்திருப்பின் திரையில் காணும் சுழியம் உண்மையான சுழியமன்று.

மாணவியின் கால்கள் தளரவில்லை. ஆறு வாரமும் அவர் ஓடியது மணிக்கு 11 கிலோமீட்டரில். சாலையும் அதையே திருப்பிக் காட்டியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் எடைக்கு 1 விழுக்காடு சாய்வில் உண்டாகும் கூடுதல் விசையைக் கணக்கிட்டு, வகுப்பில் ஒப்பிடுக.
2. பட்டையின் சுற்றளவு 2.8 மீட்டர், 25 சுற்றுகளுக்கு 21 நொடிகள். ஓடுபொறியின் உண்மையான வேகத்தைக் காண்க.

குறுவினா

1. ‘பட்டை காலை இழுக்கிறது’ என்னும் கருத்து ஏன் பிழையானது?
2. ஓடுபொறியின் வேகத்தை ஆள் ஓடும்போதே அளக்கவேண்டியது ஏன்?

நெடுவினா

1 விழுக்காடு சாய்வு எல்லா வேகத்திற்கும் பொருந்துமா? காற்றுத்தடையின் இயல்பைக்கொண்டு விளக்குக.