சிக்னல் இல்லாத நேரத்தின் கணக்கு

ஓசூர்ப் பக்கம் குடைமிளகாய் போடும் பாலிஹவுஸ்களில் வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் கருவிகளை வைத்துப் பராமரிப்பது என் வேலை. கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஈஎஸ்பி32 சில்லு, ஒரு எஸ்எச்டி31 சென்சார், பேட்டரி, சின்ன சோலார் தகடு. 5 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அளக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்த மூன்று அளவுகளை சர்வருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கும். வைஃபை ஓடும்போது சில்லு நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆழ்தூக்கத்தில் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். அதனால் அளப்பதையும் அனுப்புவதையும் பிரித்துவைப்பது பேட்டரிக்கு நல்லது.

அளப்பதில் சிக்கல் அதிகம் வருவதில்லை. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சிம் போட்ட ரவுட்டர் அணையும். பேட்டரியில் ஓடும் கருவி மட்டும் அளந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்து அளவுகளை எங்கே வைப்பது, திரும்ப எப்படி அனுப்புவது என்பதில்தான் வேலை முழுதும் இருக்கிறது.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பதிவுக்கு 16 பைட் போதும்: வரிசை எண்ணுக்கு 4, நேரத்துக்கு 4, வெப்பநிலை, ஈரப்பதம், பேட்டரி வோல்ட், பிழை சரிபார்ப்பு எண் ஆகியவற்றுக்குத் தலா 2. நாளுக்கு 288 பதிவு, அதாவது 4,608 பைட். ஃபிளாஷ் நினைவகத்தில் 1 எம்பி ஒதுக்கினால் ஏழு மாதத்துக்கு மேல் தாங்கும். நிரம்பினால் மிகப் பழையதன் மேல் புதியதை எழுதும் வட்ட வரிசையாக அமைத்தால், ஒவ்வொரு பகுதியும் ஏழு மாதத்துக்கு ஒருமுறைதான் அழிக்கப்படும்; ஃபிளாஷ் தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். தூக்கத்திலும் அழியாத 8 கேபி ஆர்டிசி நினைவகம் சில்லிலேயே இருக்கிறதே என்று அதை மட்டும் நம்புகிறவர்கள் உண்டு. பேட்டரி ஒருமுறை இறங்கினால் அதில் இருப்பது அத்தனையும் போய்விடும். பிழை சரிபார்ப்பு எண்ணையும் வீண் என்று விட்டுவிடக்கூடாது. பாதி எழுதும்போது பேட்டரி செத்தால் அந்தப் பதிவு குப்பை என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

நேரம் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சர்வருக்கு வந்துசேர்ந்த நேரத்தையே அளந்த நேரமாக எடுத்துக்கொள்ளும் அமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிக்னல் இருக்கும்வரை அது சரியாகத்தான் தெரியும். ஒரு இரவு போய் வந்தால், பன்னிரண்டு மணிநேர அளவுகளும் காலை ஒன்பது மணிக்கு ஒரே கோடாக வரைபடத்தில் நிற்கும். அளக்கும் நொடியிலேயே நேரத்தைப் பதிவில் எழுதவேண்டும். அதற்குச் சில்லின் உள்கடிகாரம் போதாது. தூக்கத்தில் அது ஆர்சி ஆஸிலேட்டரில் ஓடும், சூட்டுக்குச் சூடு வேகம் மாறும். பாலிஹவுஸுக்குள் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசத்தில் அது நகராமல் இருக்க வாய்ப்பே இல்லை. டிஎஸ்3231 கடிகாரத் தகடு ஒன்றைச் சேர்த்தால் வருஷத்துக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். டேட்டாபேஸில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று பதிவு வந்தால் குழம்பவேண்டாம். கருவி நேரம் தெரியாமலே எழுந்து அளந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒப்புதல். கருவி அனுப்பியது, சர்வர் எழுதிக்கொண்டது, 'கிடைத்தது' என்ற பதில் வரும் வழியில் சிக்னல் போனது. இது அரிதான கதையல்ல. சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும் இடத்தில் அடிக்கடி நடக்கும். பதில் வராததால் கருவி மறுபடி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். ஒப்புதல் வரும்வரை கருவி எதையும் அழிக்கக்கூடாது. இரண்டாம் முறை வந்ததைச் சர்வர் பேசாமல் விட்டுவிடவேண்டும். போஸ்ட்கிரெஸில் இதற்கு இவ்வளவுதான்:

```sql
CREATE TABLE readings (
  device_id   text,
  run_id      bigint,
  seq         bigint,
  measured_at timestamptz,
  received_at timestamptz DEFAULT now(),
  temp_c      real,
  rh          real,
  batt_v      real,
  PRIMARY KEY (device_id, run_id, seq)
);
-- INSERT ... ON CONFLICT DO NOTHING
```

நடுவில் உள்ள `run_id` எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கருவியின் ஃபிளாஷை அழித்துப் புது மென்பொருள் ஏற்றினால் வரிசை எண் மறுபடி 1-இல் தொடங்கும். சாவியில் கருவிப் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் இருந்தால், புதிய 1 பழைய 1-உடன் மோதும். `DO NOTHING` ஒரு பிழையும் காட்டாமல் அதை விழுங்கிவிடும். கருவி 'அனுப்பிவிட்டேன்' என்கிறது, சர்வர் 'கிடைத்தது' என்கிறது, டேபிளில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஃபிளாஷ் அழியும்போதெல்லாம் ஒரு புதிய தற்செயல் எண்ணை எடுத்து `run_id`-இல் வைத்தால் இந்தத் தொல்லை வராது.

இதே சாவி இன்னொரு வேலைக்கும் உதவும். சிக்னல் திரும்பியதும் தோட்டக்காரருக்கு இப்போதைய வெப்பநிலை உடனே வேண்டும். ஃபாகரை ஓட்டுவதா என்று அவர் முடிவு செய்யவேண்டும். நேற்றிரவுக் கணக்கு பிறகு வரட்டும். அதனால் கடைசி அளவை முதலில் அனுப்பிவிட்டு, பழையதிலிருந்து ஐம்பது ஐம்பதாக அனுப்பச் சொல்கிறேன். கடைசி அளவு வரிசையில் மறுபடியும் போகும், போனால் போகட்டும். சர்வர் பக்கம் எச்சரிக்கை அழைப்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை தேவை: `measured_at` கடந்த 20 நிமிடத்துக்குள் இருந்தால்தான் போன் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு அடித்த 40 டிகிரிக்காக ராத்திரி எட்டு மணிக்கு மனிதர் பாலிஹவுஸுக்கு ஓடுவார்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரே கரண்ட் தடைக்குப் பிறகு மூன்று கருவிகளின் பதிவுகளில் ஓட்டை தெரிந்தது. முதலாவதில் பதிவுகள் தாமதமாக வந்தன, ஆனால் வரிசை எண்ணும் தொடர்ச்சி, அளந்த நேரமும் 5 நிமிட இடைவெளி. நெட்வொர்க் மட்டுமே போயிருந்தது, பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாவதில் வரிசை எண் 4,117-க்குப் பிறகு 4,118, ஆனால் நேரத்தில் ஆறு மணிநேரத் தாவல். கருவியே செத்துக் கிடந்திருக்கிறது. முந்தைய பேட்டரி வோல்ட்டைப் பார்த்ததும் சோலார் தகட்டில் பாசி படிந்திருக்கும் என்று ஊகித்தோம், அப்படியே இருந்தது. மூன்றாவதில் ஒரு பதிவுக்கு மேல் எதுவுமே ஏறவில்லை. இணைப்பு உயிரோடு இருந்தது, கருவி விடாமல் அனுப்பிக்கொண்டும் இருந்தது. ஈரத்தில் சென்சார் ஒருமுறை பதில் தராததால் மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் `NaN` உட்கார்ந்திருந்தது. ஜேஸான் அதை ஏற்காது. சர்வர் 400 என்று மொத்த ஐம்பதையும் திருப்பியது, கருவி அதே ஐம்பதை மறுபடி நீட்டியது. ஒரு பதிவு வாசலை அடைத்துக்கொண்டு பின்னால் உள்ள அத்தனையையும் நிறுத்திவிட்டது. படிக்கமுடியாத அளவை `null` ஆக அனுப்பவேண்டும். 500 வகைப் பிழை என்றால் காத்திருந்து மறுபடி முயலலாம். 400 வந்தால் ஒவ்வொன்றாக அனுப்பி, கெட்டதை ஒதுக்கிவிட்டு நகரவேண்டும்.

மறுமுயற்சியின் இடைவெளியை 1, 2, 4 நிமிடம் என்று கூட்டி ஒரு மணிநேரத்தில் நிறுத்துங்கள். அதோடு சில நொடிகளைத் தற்செயலாகச் சேருங்கள். கரண்ட் வந்ததும் எல்லாக் கருவியும் ஒரே நொடியில் மொய்த்தால் மலிவான ரவுட்டர் திணறும்.

தோட்டத்தில் மாட்டும் முன் மேஜையில் இரண்டு சோதனை செய்வேன். ரவுட்டரை ஒருநாள் அணைத்துவைப்பது முதலாவது. அனுப்பும் நடுவிலேயே கருவியின் பேட்டரியைப் பிடுங்குவது இரண்டாவது, அதை ஒருமுறையோடு விடுவதில்லை. பிறகு ஒவ்வொரு `run_id`-க்கும் `max(seq) - min(seq) + 1` என்பதும் `count(*)` என்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்று குறைந்தாலும் கருவி மேஜையை விட்டுப் போகாது.