வைரஸ் அடங்கிய பிறகும் இரண்டாவது மாத்திரை எதற்கு?

வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரி நகரத்து ஏஆர்டி மையத்துக்குப் போய்வருபவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று முடிவு வந்த பிறகும் இன்னொரு மாத்திரையை ஏன் தொடரச் சொல்கிறார்கள்?

வைரல் லோடு, ஏஆர்டி மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். சிடி4, உடம்பின் எதிர்ப்புப் படை எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது முதலாவதைவிட மெதுவாகத்தான் நகரும்.

பாகூரில் நாற்று நடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சிகிச்சை தொடங்கும்போது சிடி4 140. தினம் ஒரு ஏஆர்டி மாத்திரை. சிடி4 350-க்குக் கீழே இருப்பதால், நிமோனியா போன்ற தொற்றுகள் வராமலிருக்க கோட்ரைமாக்சசோலும் தினம் ஒன்று.

முதல் படி காசநோய். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை இந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஒன்று இருந்தாலும் மறைக்க வேண்டாம், பரிசோதனைதான் முதலில். எதுவும் இல்லையென்றால் 6 மாதம் ஐசோநியாசிட் 300 மில்லிகிராம், கூடவே கை கால் மரத்துப்போகாமலிருக்க பி6.

அடுத்தது 6-ஆம் மாத வைரல் லோடு. அவருக்கு 4,200 வருகிறது. 1,000-க்கு மேல் என்றால் கவலைதான், ஆனால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசாரிக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஏஆர்டியையும் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவை ஏஆர்டி மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. ஏஆர்டியை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். அப்படி மாற்றி, 3 மாதம் கழித்துச் சோதித்தால் வைரஸ் தெரியவில்லை. அப்போதும் 1,000-க்கு மேல் இருந்திருந்தால்தான் மருந்தை மாற்றும் பேச்சு வரும்.

இனி 12-ஆம் மாதத்திலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் வைரல் லோடு.

குழப்பம் வருவது இங்கேதான். 12-ஆம் மாதம் சிடி4 290. வைரஸ் அடங்கியிருந்தாலும் கோட்ரைமாக்சசோல் தொடர்கிறது. 18-ஆம் மாதம் 365. ஒரு தடவை போதாது. காய்ச்சலில் விழுந்தாலே சிடி4 இறங்கும், ஏன், நாளின் எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதற்கேற்பவும் ஏறி இறங்கும். 24-ஆம் மாதம் 410. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை 350-ஐத் தாண்டி, எண் ஏறுமுகமாக இருந்து, பெரிய தொற்று எதுவும் இல்லாததால் மருத்துவர் கோட்ரைமாக்சசோலை நிறுத்துகிறார். ஏஆர்டி மட்டும் வாழ்நாள் முழுக்க.

மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோட்ரைமாக்சசோல் தொடங்கிய சில வாரங்களில் உடம்பெல்லாம் தடிப்பும், வாயிலோ கண்ணிலோ புண்ணும் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.