வருஷத்துக்கு 52 வாரம்: எதை எப்போ அப்லோட் பண்றது?

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அன்னிக்கு ராத்திரியே ஒரு மாணவர் சேனல் "சந்திரயான் இறங்கிடுச்சு!"னு வீடியோ போட்டிருந்தா ரெண்டு நாள் வியூஸ் ஏறியிருக்கும், அப்புறம் கிராஃப் தரையோடு படுத்திருக்கும். செய்தி தெரிஞ்சவங்க அதைத் திரும்பத் தேட மாட்டாங்க. இது டிரெண்டிங்.

அதே வாரம் "அப்பல்லோ 11-க்கு 4 நாள், சந்திரயானுக்கு ஏன் 40 நாள்?"னு போட்டிருந்தா? பதில் இதுதான்: நேரா நிலவுக்கு அனுப்புற அளவுக்கு நம்ம ராக்கெட்டுக்குத் தெம்பு இல்லை. அதனால் பூமியைச் சுற்றிச் சுற்றி, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் போனது. இந்தக் கேள்வி இன்னிக்கும் பழசாகலை. இது எவர்கிரீன். செய்தி ஆளைக் கூட்டிட்டு வரும், கேள்விதான் வீடியோவைத் தாங்கும்.

இடையில் மூணாவது வகை ஒண்ணு இருக்கு: சீசன். கவுன்சலிங், செமஸ்டர், கேட் தேர்வு எல்லாம் வருஷா வருஷம் வரும். தேதி முன்னாடியே ஓரளவு தெரியும் என்பதால், தேடல் ஏறுவதற்கு நாலு வாரம் முன்னாடியே வீடியோ போயிருக்கணும். தேர்வுக்கு முந்தின நாள் போட்டா லேட்.

இப்போ கணக்கு. வாரம் ஒரு வீடியோ. நமக்கே பரீட்சை இருக்கிற 6 வாரத்தைக் கழிச்சா 46. அதில் 28 எவர்கிரீன், 8 சீசன், மீதி 10 இடத்தைக் காலியாகவே விடுங்க. டிரெண்டை ஜனவரியிலேயே பிளான் பண்ண முடியாது, அதுக்கு இடம் மட்டும்தான் ஒதுக்க முடியும். லீவுல மூணு எவர்கிரீன் வீடியோ எடிட் பண்ணி கையிருப்பா வைங்க. காலி வாரத்தில் டிரெண்ட் எதுவும் வரலைன்னா அதில் ஒண்ணைப் போடலாம். டிரெண்ட் வந்தும் மூணு நாளுக்குள் முடிக்க முடியாதுன்னா, துணிஞ்சு விட்டுடுங்க.

எவர்கிரீன்னு நினைச்சது உண்மையிலேயே எவர்கிரீனான்னு 90 நாள் கழிச்சு யூட்யூப் ஸ்டூடியோவில் பாருங்க. கடைசி 28 நாளிலும் வியூஸ் சீரா வருதா, அதில் நல்ல பங்கு `YouTube search` வழியா வருதா? ஆமான்னா அதே வரிசையில் இன்னொண்ணு எடுங்க. இல்லைன்னா முதலில் தலைப்பைப் பாருங்க. "கிர்ச்சாஃப் விதி"ன்னு இருக்க வேண்டியது "ரெகுலேஷன் 2021, யூனிட் 1"னு இருந்தா, சிலபஸ் மாறுற அன்னிக்கு அந்த வீடியோவும் செத்துடும். விதி மாறலை, நாம ஒட்டின லேபிள்தான் பழசாச்சு.

வருஷக் கடைசியில் இந்த 28, 8, 10 என்ற பங்கை உங்க சேனல் கிராஃபை வச்சு மாத்திக்கோங்க. அந்தக் காலி இடங்களை மட்டும் முன்கூட்டியே நிரப்பிடாதீங்க.