சத்தம் போகவில்லை, இசைதான் இல்லை

இளையாத்தங்குடி வாசகருக்கு,

‘கொட்டுக்காளி’யை வீட்டில் போட்டுப் பார்த்தபோது உங்கள் அப்பத்தா, “டிவியில சத்தம் போயிருச்சா பாருப்பா” என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்களும் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினீர்களாம்; கூடியது ஆட்டோவின் இரைச்சல் மட்டும்தானாம். பின்னணி இசையே இல்லாத படம் எப்படி இவ்வளவு படபடக்க வைக்கிறது, இதுவும் உங்கள் காரைக்குடிக்காரர் மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘அந்த நாள்’ மாதிரிதானா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டுதான் கிடையாது; பின்னணி இசை உண்டு. 2024-இல் பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த ‘கொட்டுக்காளி’யில் அதுவும் கிடையாது.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் முறைமாமன் பாண்டி கூடவே வருகிறான். மீனா பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு சடங்கு வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. அவள் உதடு லேசாக அதை முணுமுணுக்கிறது. பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். அவளுக்கு விழுகிறது அடி. தடுக்க வந்தவர்களுக்கும் விழுகிறது.

வழக்கமான படமாக இருந்தால் இந்த இடத்துக்கு ரீ-ரெக்கார்டிங்கில் மூன்று வேலை இருக்கும். அடிக்குச் சில விநாடி முன்பே அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு ஒலி கிளம்பும். ஏதோ நடக்கப் போகிறது என்று நாம் உடம்பை இறுக்கிக்கொள்வோம். அடி விழும்போது தாளமும் சேர்ந்து விழும். எல்லாம் ஓய்ந்ததும் புல்லாங்குழலோ வயலினோ வந்து, இந்தப் பெண்ணுக்காக இப்போது அழலாம் என்று அனுமதி கொடுக்கும். இந்த மூன்றும் இங்கே இல்லை. முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததால் அந்த அடி, ஆட்டோவில் இருப்பவர்களுக்கு எப்படித் திடீரென்று விழுகிறதோ அப்படியே நமக்கும் விழுகிறது. ஆறுதல் சொல்லவும் ஆள் இல்லாததால், பார்த்துக்கொண்டு சும்மா இருந்த குற்ற உணர்வு நம்மிடமே தங்கிவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். படத்துக்குள் இசை என்று வருவதே அந்த ஒலிபெருக்கிப் பாட்டு மாதிரி ஊரில் தானாகக் கேட்பதுதான். அதுதான் அடிக்கும் காரணமாகிறது.

இசை இல்லை என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் வீட்டு வளவில் மத்தியான நேரம் ஒரு தூணில் சாய்ந்து அரை நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். முற்றத்துப் புறா, எங்கோ ஒரு தாழ்ப்பாள், தெருவில் போகும் சைக்கிள் எல்லாம் காதில் விழும். ஒலிப்பதிவாளர்கள் படப்பிடிப்பு இடத்தில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு இதைத்தான் தனியாகப் பதிவு செய்வார்கள். ‘ரூம் டோன்’ என்பார்கள். இரண்டு வசனத்துக்கு நடுவே இதை நிரப்பாமல் வெற்றாக விட்டால், நிசப்தம் என்று யாருக்கும் தோன்றாது. ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் தோன்றும். ‘கொட்டுக்காளி’யில் அந்த இடைவெளியை ஆட்டோ என்ஜினும், கட்டிவைத்த சேவலும், பாண்டியின் கட்டிப்போன தொண்டையும் நிரப்புகின்றன. இசை விலகியதும் நம் காது இவற்றைத் துழாவத் தொடங்குகிறது. அடுத்து என்ன என்று காது தேடுகிற அந்த நிலைதான் படபடப்பு.

இந்த உத்தி புதிதல்ல. 1955-இல் வந்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தில், நகைக்கடையில் கன்னம் வைக்கும் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமோ இசையோ இல்லாமல் ஓடும். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அதற்கும் இசை எழுதியிருந்தார். இசையோடும் இல்லாமலும் இயக்குநர் ஜூல்ஸ் டாசின் போட்டுக் காட்டியபின், இசை வேண்டாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டார். சின்னச் சத்தம் கேட்டாலும் திருடர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் நாமும் மூச்சை அடக்குகிறோம். மேலே வயலின் வாசித்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஆனால் இசையை விலக்குவது எல்லா இடத்திலும் பலிக்காது. காட்சிக்குள் ஆபத்து ஏற்கெனவே விதைக்கப்பட்டிருக்க வேண்டும். பாண்டிக்கு ஆத்திரம் வரும் என்று நமக்குத் தெரியாமல் இருந்தால், ஆட்டோ ஓடுவது வெறும் ஆட்டோ ஓடுவதுதான். பலித்ததா என்பதைத் தியேட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம்: பலிக்காத இடத்தில் இருமலும் நாற்காலி முனகலும் கேட்கும், பலித்த இடத்தில் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தவர் கை பாதியில் நின்றுவிடும்.

படத்தை மறுபடி போடுங்கள். சத்தம் போய்விட்டதா என்று கேட்பதை அப்பத்தா எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்